பன்னிரண்டும் பதினாலும்

இரண்டு அளவுகளுக்கு நடுவில் இருக்கிறவர்களுக்கென்று எந்தக் கடையிலும் உடுப்புத் தொங்குவதில்லை. பன்னிரண்டு இருக்கும், பதினாலு இருக்கும். பதின்மூன்று இருக்காது. பெண்களின் உடுப்பை ஏன் இரட்டை எண்களில் மட்டும் தைக்கிறார்கள் என்று அந்தக் காலத்தில் மூன்று பேரிடமாவது கேட்டிருப்பேன். ஒருவரும் திருத்தமான பதில் சொல்லவில்லை. எண்களோடு வேலை செய்தவன் என்பதால் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போதும் உறுத்துகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்ணில் எங்களுக்கு அது இரண்டாவது குளிர்காலம். கிளேட்டனில் ரயில் பாதைக்குப் பக்கத்தில், மஞ்சள் செங்கல் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் ஒரு சின்ன ஃபிளாட். நான் நகரத்தில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பகுதியில் இருந்தேன். மனைவி வீட்டில்.

அந்த ஏப்ரலில் எங்களுக்குப் பிள்ளை பிறந்தது. மாதம் நிறைந்து, உயிரில்லாமல். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளில் தாய்க்குக் காட்ட மாட்டார்கள். துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டாக்டர் என்னை நடையில் நிறுத்தி, வீட்டுக்குப் போனதும் இதைப் பற்றிப் பேசவேண்டாம், மனைவியை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள், நடக்கச் சொல்லுங்கள், சீக்கிரம் மறந்துவிடுவார் என்றார். படித்த மனிதர் சொன்னதை நான் அப்படியே செய்தேன். பேசுவதை நிறுத்துவது சுலபமாக இருந்தது. வெளியே கூட்டிக்கொண்டு போவதுதான் நடக்கவில்லை.

அங்கே குளிர் பிடிக்கும் மே போனது, ஜூன் போனது. மனைவி படியிறங்கவில்லை. குப்பையைக்கூட நான்தான் கீழே கொண்டுபோய்ப் போட்டேன். காலையில் வேலைக்குப் போகும்போது ஜன்னலோரத்துக் கதிரையில் இருப்பார். திரும்பி வரும்போதும் அதிலேயே இருப்பார். ஹீற்றரின் ஒரு கம்பி மட்டும் சிவப்பாய் எரிந்துகொண்டிருக்கும். சமையல் நடந்திருக்கும், வீடு கூட்டியிருக்கும். ஆனால் அவர் எங்கேயோ தூரத்தில் இருந்தபடி இதையெல்லாம் செய்ததுபோல் இருக்கும். இப்படியே அவர் என் கண்ணுக்கு முன்னால் கரைந்துபோய்விடுவார் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. வெளியே போவோமா என்று தினமும் கேட்பேன். தினமும் குளிர் என்பார். ஒருநாள் நான் விடாமல் கேட்டபோது, "என்னட்டைக் கோட் எண்டு ஒண்டு இருக்குதோ? எதைப் போட்டுக்கொண்டு போக?" என்றார்.

அது உண்மை. முதல் குளிர்காலத்தில் என் மழைக்கோட்டைப் போட்டுச் சமாளித்தார். வயிறு பெருத்தது கோடையில், கோட் தேவைப்படவில்லை. ஆகவே நான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். கோட் வாங்கினால் வெளியே வருவார். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

ஸ்பிரிங்வேலில் அவருடைய பெரியம்மா மகள் இருந்தார். எங்களுக்கு முன்னால் வந்தவர், பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை, எல்லாவற்றுக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் சொன்னேன். சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். அந்தக் காலத்தில் சனிக்கிழமை மத்தியானத்தோடு கடைகள் பூட்டிவிடுவார்கள். தவறவிட்டால் திங்கட்கிழமைதான்.

"பிள்ளை, கோட் பாக்கப் போறதெண்டால் உள்ளுக்குப் போடுறது எல்லாத்தையும் போட்டுக்கொண்டு போகோணும்," என்றார் அக்கா. "பிறகு குளிர் கூடினவுடனை கோட் பூட்டேலாமல் கிடந்தால் என்ன செய்யிறது? இருக்கிறதிலை தடிச்ச சேலையை உடு. கார்டிகனையும் போடு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. மேலே வரும் உடுப்பை உள்ளே இருப்பதோடு சேர்த்துத்தானே பார்க்கவேண்டும். மனைவி கஞ்சி போட்ட பருத்திச் சேலையை உடுத்து, கம்பளிக் கார்டிகனும் போட்டுக்கொண்டு வந்தார். ஊரிலிருந்து வரமுன் வெள்ளவத்தையில் வாங்கிய சேலை. கொசுவம் அட்டைபோல் விறைத்து நின்றது. ரயிலில் நகரம் வரும்வரை கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் வந்தார். நான் அதையே பெரிதாக நினைத்தேன்.

நகரத்தின் பெரிய கடை ஒன்றில் பெண்கள் பகுதி மூன்றாம் மாடியில் இருந்தது. குளிர்கால மலிவு விற்பனை தொடங்கியிருந்தபடியால் கோட்டுகள் தொங்கிய கம்பிகளில் பாதி வெறுமையாகக் கிடந்தது. பன்னிரண்டு என்ற அட்டைக்குக் கீழே ஐந்து கோட், பதினாலுக்குக் கீழே ஏழு. அவற்றிலும் நல்லவையென்று இரண்டு மாதிரிகள்தான் மிஞ்சியிருந்தன. ஒன்று கருநீலம். மற்றது மண்ணிறம்.

விற்பனைப் பெண்மணிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் அளவு நாடா. அவர், என் மனைவியின் கார்டிகனுக்குள் நாடாவை விட்டு மார்பையும் இடுப்பையும் அளந்துவிட்டு, "இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள்," என்றார். "பரவாயில்லை, நிறையப் பேர் அப்படித்தான். எது சரியென்று துணியும் வெட்டும்தான் சொல்லும்."

கலியாணத்தின்போது மனைவி பன்னிரண்டுக்கும் கீழே இருந்திருப்பார். பிறகு ஒவ்வொரு சட்டையாகப் பக்கத் தையலைப் பிரித்துப் பெரிதாக்கினார். ஏப்ரலுக்குப் பிறகு அவை தோளில் தொங்கின. ஆனாலும் உடம்பு பழைய இடத்துக்குப் போகவில்லை. முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் போகவில்லை.

முதலில் கருநீலம். கெட்டியாக இறுக்கி நெய்த கம்பளி, உள்ளே வழுக்கும் துணி, இடுப்பில் பொருத்திப் பிடித்த வெட்டு. பன்னிரண்டு வலது தோளில் கச்சிதமாக இருந்தது. இடது தோளில் ஏறவே இல்லை. முந்தானை மடிப்புகளை நான் எண்ணினேன். ஆறு மடிப்பு, அதற்குக் கீழே கார்டிகன், அதற்குக் கீழே சட்டை. ஒரே ஆளுக்கு இரண்டு தோளும் இரண்டு அளவு. பதினாலைப் போட்டபோது இடது தோள் சரியானது, வலது தோளின் தையல் கீழே சரிந்து கைக்குள் இறங்கியது.

"இந்தத் துணி இழுபட்டுக் கொடுக்காது," என்றார் பெண்மணி. "உள்ளே தைத்த துணியும் கொடுக்காது. கெட்டித் துணியில் பொருத்தின வெட்டென்றால் நான் எப்போதும் பெரியதைத்தான் சொல்லுவேன். பக்கத்தைப் பிடித்துச் சின்னதாக்கலாம். ஆனால் தோளைத் தொட முடியாது. தோளைத் தொடுவதென்றால் கோட்டையே திரும்பத் தைக்கவேண்டும்."

"பெரிசாய் எடுத்தால் பிழையே இல்லை எண்டு நான் வெளிக்கிடேக்கையே சொன்னனான்," என்றார் அக்கா.

"உங்களுக்குச் சவப்பெட்டியும் ஒரு சைஸ் பெரிசாய்த்தான் வாங்கோணும் போலை," என்றார் மனைவி. பல வாரங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த பகிடி. அக்கா சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. உடனே அது நின்றுவிட்டது.

பிறகு மண்ணிறம். துணி கொஞ்சம் மென்மை, நெசவு தளர்த்தி. அதன் கை கழுத்தடியிலிருந்தே சரிந்து இறங்கியது. தோளில் தையலே இல்லை. பன்னிரண்டைப் போட்டதும் முந்தானையும் கார்டிகனும் அதற்குள் அடங்கிவிட்டன. இரண்டு தோளும் ஒன்றுபோல இருந்தன. பெண்மணி கைகளை முன்னால் நீட்டச் சொன்னார், ஒருவரைக் கட்டிப்பிடிப்பதுபோல. முதுகு இழுக்கவில்லை. கை மணிக்கட்டோடு நின்றது.

"இந்த வெட்டுக்குச் சின்னதே போதும்," என்றார். "தோள்தான் வழக்கமாகத் தகராறு. இதில் அது இல்லை. பொத்தானைப் போட்டுப் பாருங்கள்."

நாலு பொத்தான். மேல் இரண்டும் போட்டார். மூன்றாவது போனது, ஆனால் துணி இரண்டு பக்கமும் கோடு கோடாக இழுத்தது. கொசுவம் அங்கேதான் இருந்தது. விறைத்த பருத்தி, மடிப்புக்கு மேல் மடிப்பாகத் தொப்புளுக்கு நேரே செருகியிருந்தது. அது கோட்டை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. கோட் போட்டிருக்கும்போது கொசுவம் தெரியாது. தெரிந்தது வயிறு மட்டும்தான்.

பெண்மணி அதைப் பார்த்தார். அவர் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பிள்ளை எப்போது?"

நான் வாயைத் திறந்தேன். அது சேலை, உள்ளே செருகின துணி என்று சொல்லவேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்று தேடினேன். கொசுவத்துக்கு என்ன சொல்? அதற்குள் மனைவி சொன்னார்.

"நவம்பர்."

அக்காவின் கை கருநீலக் கோட்டின் மேல் அப்படியே நின்றது. பெண்மணி ஒரு கதிரை கொண்டுவந்து மனைவியை இருக்கச் சொன்னார். தன் மகளுக்கும் இரண்டாவது நவம்பரில்தான் பிறந்தது என்றார். வெயில் உச்சத்துக்கு வருமுன் முடிந்துவிடும், நல்ல மாதம் என்றார். நான் என் கோட் பைக்குள் விரலை மடக்கிக்கொண்டிருந்தேன். ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர். எதை எண்ணுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இல்லாத ஒன்றுக்கு மாதம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அப்படியென்றால் பதினாலு," என்றார் பெண்மணி. "முன்னால் இடம் வேண்டும். அடுத்த குளிருக்கு வேண்டுமென்றால் பக்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம்." மண்ணிறத்தில் பதினாலை அவரே மாட்டிவிட்டார். பொத்தான் நாலும் சுலபமாகப் போனது. கழுத்து மட்டும் பின்னால் சரிந்தது. அதை அவர் கையால் முன்னுக்கு இழுத்துவிட்டார். "உங்களுக்கு எல்லாம் நல்லபடி நடக்கட்டும்," என்று மனைவியின் கையை அழுத்தினார்.

மனைவி, "நன்றி," என்றார்.

திரும்பி வரும் ரயிலில் எங்கள் பெட்டியில் கூட்டமில்லை. நகரம் தாண்டியதும் அக்கா கேட்டார்.

"ஏன் பிள்ளை அப்பிடிச் சொன்னனீ?"

"அவ கேட்டா. சொன்னன்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"உண்மையைச் சொன்னால் அவ என்ன செய்வா, அக்கா? கதிரை கொண்டந்து வைப்பாவோ?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மடியில் கோட் பெட்டி. அதன் கயிற்றின் முடிச்சைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஸ்பிரிங்வேலுக்கு மீன் வாங்கப் போனோம். நான் கெஞ்சித்தான் வந்தார். கோட்டைப் போட்டிருந்தார். பஸ்ஸில் இடமில்லை. ஒரு பள்ளிக்கூடப் பெட்டை அவரைப் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தாள். மனைவி அவளை ஒருகணம் பார்த்தார். பிறகு இருந்தார். இருந்து, கையைக் கோட்டின் முன்பக்கத்தில் வைத்துக்கொண்டார். எங்கள் இறங்குமிடம் வரை அந்தக் கை அசையவில்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றேன். மீன் வாங்கினோமா என்பது நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் கொளுவினார். பிறகு எடுக்கவில்லை. பழையபடி ஜன்னல், பழையபடி கதிரை. இப்போது குளிர் என்று சொல்ல முடியாது, கோட் இருக்கிறது. ஆகவே ஒன்றுமே சொல்லவில்லை. முன்பாவது ஒரு காரணம் இருந்தது என்று எனக்குத் தோன்றியது. கதவைத் திறக்கும்போதெல்லாம் கோட் ஆள் நிற்பதுபோல ஆடும்.

"பக்கத்தைப் பிடிக்கக் குடுப்பமோ?" என்று கேட்டேன். "அந்த மனுசி சொன்னா அல்லே, பிடிக்கலாமெண்டு."

"பக்கத்தைப் பிடிச்சாலும் கழுத்துப் பின்னுக்குத்தான் போகும். அகலம் மட்டுமோ பெரிசு? எல்லாம் பெரிசு," என்றார். அவருக்குத் தைக்கத் தெரியும். கலியாணத்துக்கு முன் தன் சட்டைகளை எல்லாம் தானே வெட்டித் தைத்தவர். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

ஓகஸ்டில் ஒரு நாள், வாரத்தின் நடுவில் ஒரு சாதாரண நாள், நான் வேலையிலிருந்து வந்தபோது ஜன்னலில் வெளிச்சம் இல்லை. படியேறிக் கதவைத் திறந்தேன். இருட்டு. ஹீற்றர் அணைந்து அறை சில்லென்றிருந்தது. கூப்பிட்டேன். சத்தமில்லை. குசினியில் இல்லை, குளியலறையில் இல்லை. கதவுக்குப் பின்னால் கோட்டும் இல்லை. கோட் இல்லாதது நல்லதா கெட்டதா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே ரயில் பாதை தெரிந்தது. பகல் முழுக்க அந்தக் கதிரையிலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தான். நான் அதுவரை அப்படி யோசித்ததில்லை. இறங்கி ஓடலாமென்று திரும்பியபோது படியில் காலடி கேட்டது.

உள்ளே வந்தவர் மண்ணிறக் கோட்டில்தான் இருந்தார். ஆனால் வேறு கோட். கழுத்து கழுத்தில் இருந்தது. கை மணிக்கட்டில் நின்றது.

"கடையிலை மாத்திப்போட்டன்," என்றார். "பன்னிரண்டிலை ஒண்டுதான் கிடந்தது. கைப்பட்டியிலை ஒரு பொத்தான் இல்லை. நான் தைப்பன்."

"தனியப் போனனீரே?"

"பின்னை?"

லைட்டைப் போட்டேன். அவர் கோட்டைத் திறந்து காட்டினார். உள்ளே மெல்லிய நைலெக்ஸ் சேலை. கையில்லாத மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்று. கொசுவத்தை நடுவில் செருகாமல் இடப்பக்கம் தள்ளித் தட்டையாக மடித்துச் செருகியிருந்தார். பொத்தான் வரிசைக்குக் கீழே ஒரு மடிப்புத்தான் வந்தது.

"அண்டைக்குக் கஞ்சிச் சேலையை உடுத்ததுதான் பிழை," என்றார். "குளிருக்கு ஆர் அதை உடுக்கிறது? துவைச்சால் ரெண்டு நாளைக்குக் காயாது. ஒவ்வொரு நாளும் உடுக்கிறதோடை அல்லோ கோட்டைப் பாக்கோணும்."

தேத்தண்ணீருக்குக் கேத்திலை வைத்தேன். அவர் கோட்டைக் கழற்றாமல் குசினி மேசைக்கு முன்னால் இருந்தார்.

"அந்த மனுசி என்ன சொன்னா?" என்று கேட்டேன். கேட்கப் பயமாகத்தான் இருந்தது.

"அவ இல்லை. லீவாம். ஒரு சின்னப் பெட்டை நிண்டாள். ரசீதைப் பாத்தாள், மாத்தித் தந்தாள். ஏன் மாத்துறியள் எண்டுகூடக் கேக்கேல்லை."

"அது நல்லதாய்ப் போச்சு."

"என்ன நல்லது?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவவுக்குச் சொல்லத்தான் போனனான். ரயிலிலை முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கொண்டு போனனான். இங்கிலீசிலை பிழை வரக்கூடாதெண்டு."

"என்னத்தைச் சொல்ல?"

அவர் எழுந்து நின்றார். மேசைக்கு அந்தப் பக்கம் நான், கையில் இரண்டு கோப்பை. அந்த விற்பனைப் பெண்மணிக்குச் சொல்வதற்கு வைத்திருந்ததை, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். மன்னிக்கவேண்டும், அன்றைக்கு நான் சொன்னது சரியில்லை. எனக்கு நவம்பரில் பிள்ளை இல்லை. எனக்கு ஏப்ரலில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. மூச்சு இருக்கவில்லை. இந்தக் கோட் எனக்குப் பெரிது.

பெண் பிள்ளை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். டாக்டர் என்னிடம் நடையில் வைத்துச் சொன்னது அது. அவருக்குச் சொல்லவேண்டாம் என்றும் சொல்லியிருந்தார்.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"திரைச்சீலைக்கு அங்காலை நேர்ஸ்மார் நிண்டு கதைச்சினம். எனக்குக் காது கேக்கும்தானே." பிறகு, "உங்களுக்கும் தெரியுமெண்டு எனக்குத் தெரியும்," என்றார்.

கேத்தில் கொதித்துச் சத்தம் போட்டது. நான் அதை அணைத்தேன். எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் அளவும் எண்ணும்தான். தேத்தண்ணீரை ஊற்றி அவருக்கு முன்னால் வைத்தேன். அவர் கோட்டோடேயே மறுபடி இருந்தார். அழுதார் என்று சொல்ல முடியாது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது, அவர் அதைத் துடைக்காமல் தேத்தண்ணீரைக் குடித்தார். நானும் எதிரே இருந்தேன். கீழே பாதையில் ஒரு ரயில் போனது.

கோப்பைகள் காலியானதும், "இருக்கேக்கை முன்னுக்கு இழுக்குதோ?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து மூன்றாவது பொத்தானைப் பார்த்தார்.

"கொஞ்சம் இழுக்குது," என்றார். "இருக்கட்டும். நடக்கேக்கை இழுக்கேல்லை."